பின்பக்கம் எழுதாத வாரண்டு

அன்று செவ்வாய்க்கிழமை. மதியம் இரண்டு மணிக்கு என் கடையில் நான்கு பேர் இருந்தோம். வேங்கிக்காலில் கோர்ட்டுக்குப் போகிற வழியில் மனு எழுதித் தருகிற, ஜெராக்ஸ் எடுத்துத் தருகிற சின்னக் கடை அது. டைப் அடிக்கும் மேசைக்குப் பின்னால் நான், முருகையன். எனக்கு எதிரே, முகம் தெருவுக்குத் தெரியாதபடி சுவரோரம் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு தேவிப்ரியா. அவளுக்குப் பக்கத்து பெஞ்சில் பக்ருதீன் பாய். அவருக்கு அடி அண்ணாமலையில் குடையும் தொப்பியும் விற்கிற கடை. ஜெராக்ஸ் மெஷினில் சாய்ந்தபடி, உட்காராமல், வக்கீல் கீதாஞ்சலி. உள்ளே வந்ததுமே சொல்லிவிட்டாள், "மூணு மணிக்கு எனக்கு இன்னொரு கேஸ் இருக்கு."

இருந்திருக்க வேண்டிய ஐந்தாவது ஆள் தேவிப்ரியாவின் புருஷன் வேடியப்பன். அவன் எங்கே இருக்கிறான் என்பது எங்கள் நால்வரில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"போன் சுவிட்ச் ஆஃப். டவர் வச்சிப் பிடிச்சிருவாங்களாம்," என்றாள். "இன்னொருத்தர் போன்ல ஒரே ஒரு தடவை பேசினாரு. வியாழக்கிழமைக்குள்ள ஒரு வழி தெரியலன்னா லாரில ஏறிப் பம்பாய்ப் பக்கம் போயிடறேன்னாரு. பாப்பாவப் பாத்துக்க, என்னைத் தேடாதன்னுட்டாரு."

அவள் விரல்கள் முந்தானை நுனியை முறுக்குவதும் பிரிப்பதுமாக இருந்தன. தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போனபோது பேச்சை நிறுத்தினாள். நாற்காலியை இன்னும் சுவரோடு ஒட்டி நகர்த்திக்கொண்டாள்.

கீதாஞ்சலிக்கு எதுவும் தெரியாது என்பதால் நான் வரிசையாகச் சொன்னேன். நாலு வருஷம் முன்பு கிரிவலப் பாதையில் வேடியப்பனின் இளநீர் வண்டிக்கு எதிரில் ஒரு கார், நடந்து போன ஒருவர் மேல் மோதியது. அடிபட்டவர் செத்துப்போனார். போலீஸ் வந்து, கார் எங்கே நின்றது, செருப்பு எங்கே கிடந்தது என்று இடத்தைப் பார்த்து ஒரு மகசர் எழுதியது. "நீ இங்கதான இருந்த, ஒரு கையெழுத்துப் போடு" என்றதும் வேடியப்பன் போட்டான். அவ்வளவுதான் அவன் செய்தது. காரை ஓட்டினவன் வேறு யாரோ.

"சரி, மகசர் சாட்சி," என்றாள் கீதாஞ்சலி. "விசாரணைக்கு வந்ததும் சம்மன் போயிருக்கும்."

"வந்தது. எங்கிட்டதான் கொண்டாந்து படிக்கச் சொன்னான்."

அந்தக் காகிதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கோர்ட்டு முத்திரை, கேஸ் நம்பர், 'அரசு தரப்பு சாட்சி' என்ற வரி, ஆஜராக வேண்டிய தேதி, காலை பத்தரை மணி. எல்லாவற்றையும் சரியாகத்தான் படித்தேன். படித்து முடித்து, "சாட்சி சம்மன்தாம்பா, உன் மேல கேஸ் ஒண்ணும் இல்ல, பயப்படாத" என்றேன். அவன் முகம் தெளிந்து போனது. அந்தத் தேதிக்குக் கட்டாயம் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. அது பௌர்ணமி நாளாகவும் இருந்தது. மாசத்துக்கு ஒரு நாள் லட்சம் பேர் நடக்கிற பாதையில் இளநீர் விற்கிறவன், தன்மேல் இல்லாத கேஸுக்காக வண்டியைப் பூட்டுவானா?

"போகல," என்றேன்.

"வர முடியலைன்னு யார் மூலமாவது கோர்ட்டுக்குச் சொன்னாரா? அரசு வக்கீல்கிட்ட, சம்மன் கொண்டாந்த போலீஸ்கிட்ட?"

"இல்லம்மா."

"சம்மன்னா கோர்ட்டு மரியாதையா கூப்பிடறது. யாரும் கையப் பிடிச்சி இழுக்கறதில்ல. அதனாலதான் எல்லாரும் சும்மா விட்டுடறாங்க," என்றாள். "போக முடியலன்னா காரணத்தைச் சொல்லி வேற தேதி கேக்கலாம். ஒண்ணுமே சொல்லாம இருந்தாத்தான் கோர்ட்டு அடுத்த படி ஏறும்."

அடுத்த படியும் வந்தது. ஜாமீனில் விடக்கூடிய பிடிவாரண்டு. ஏட்டு சக்திவேல் வந்து வேடியப்பனை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பக்ருதீன் பாய் ஓடிப் போய் ஜாமீன் கையெழுத்துப் போட்டார். ஒரு மணி நேரத்தில் இருவரும் டீ குடித்துவிட்டுத் திரும்பினார்கள்.

"இந்த மூதேவிக்கு நான் கையெழுத்துப் போட்டேன் பாருங்க, எம் புத்தியச் சொல்லணும்," என்றார் பாய். பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். "வூட்டுக்கே வந்துருச்சு நோட்டீஸு. ஜாமீன் தொகைய உன்கிட்டருந்து ஏன் வசூல் பண்ணக்கூடாதுன்னு கேக்கறாங்க. எம் பொஞ்சாதி மெஹ்ருன்னிசா ரெண்டு நாளா எனக்குச் சோறு போடறப்போ கரண்டியால தட்டை அடிக்குது."

கீதாஞ்சலி குனிந்து அதை மேலிருந்து கீழ் வரை படித்தாள்.

"நீங்க கையெழுத்துப் போட்ட ஜாமீன் பத்திரத்துல ஒரு தேதி இருந்திருக்குமே?" என்றாள் கீதாஞ்சலி.

பாய் என்னைப் பார்த்தார். தேவிப்ரியாவும் பார்த்தாள். பிறகு அவளே மெல்லச் சொன்னாள்:

"கையெழுத்துப் போட்டா முடிஞ்சிதுன்னு நெனச்சோம் மேடம். ஸ்டேஷன்ல உட்டுட்டாங்க. அதான் கேஸ் முடிஞ்சிதுன்னு. அன்னிக்கு வூட்ல பாயசம் வச்சேன்."

கீதாஞ்சலி கண்களை மூடித் திறந்தாள். "முடியலம்மா. இந்தத் தேதிக்குக் கோர்ட்டுக்கு நானே வரேன்னு எழுதிக் கொடுத்த பத்திரம் அது. அதை நம்பித்தான் விட்டாங்க. பாய் கையெழுத்துப் போட்டது, அவரை வர வைக்கறேன்னு."

"எனக்கும் யாரும் படிச்சிச் சொல்லல," என்றார் பாய். ஆனால் அவர் குரலில் வேகம் இல்லை.

அந்தத் தேதியும் போனது. போன வெள்ளிக்கிழமை காலையில் ஏட்டு மறுபடி அவர்கள் இளநீர் வண்டிக்கு வந்தார். வேடியப்பன் செங்கம் பக்கம் காய் எடுக்கப் போயிருந்தான். "பிடிவாரண்டு இருக்கும்மா, இந்தத் தடவை ஜாமீன் கிடையாது" என்று சொல்லிவிட்டு ஏட்டு போனார். தேவிப்ரியா போன் செய்தாள். வேடியப்பன் காயை ரோட்டோரமே போட்டுவிட்டுப் போனவன்தான், இன்னும் வீடு திரும்பவில்லை.

கீதாஞ்சலி கேஸ் நம்பரைத் தன் போனில் அடித்துப் பார்த்தாள். கோர்ட்டு இணையப் பக்கத்தில் கேஸின் நிலை தெரியுமாம். பார்த்துக்கொண்டே, "ஆமா. நிஜமாவே என்.பி.டபிள்யூதான், ஜாமீன்ல விட முடியாத வாரண்டு," என்றாள். "சில சமயம் யாராவது போன் பண்ணி வாரண்டு இருக்கு, பணம் போடுன்னு ஏமாத்தறாங்க, அதான் பாத்தேன். இது உண்மை."

தேவிப்ரியாவின் முகத்தில் மிச்சமிருந்த ஒரு நம்பிக்கை அப்போது போனதை நான் பார்த்தேன். இது ஏமாற்று வேலையாக இருக்கட்டும் என்றுதான் அவள் வேண்டிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

அந்த நேரத்தில்தான் வாசலில் நிழல் விழுந்தது.

"ரைட்டரே, ஒரு நாலு காப்பி போடுங்க," என்று சொல்லிக்கொண்டே ஏட்டு சக்திவேல் உள்ளே வந்தார். கையில் நீலக் கோப்பு. வாரத்தில் இரண்டு நாள் வருகிறவர்தான். கோர்ட்டுக் காகிதங்களுக்கு நகல் எடுக்க இந்தத் தெருவில் என் கடையைவிட்டால் வேறு இல்லை. இது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. ஆனாலும் அவளை இங்கே வரச் சொன்னவன் நான்தான்.

தேவிப்ரியா அசையவில்லை. சுவரைப் பார்த்தபடி அப்படியே இருந்தாள்.

ஏட்டு பாயைப் பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் பார்த்தார்.

"வேடியப்பன் சம்சாரம்தான நீ?"

அவள் எழுந்தாள். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் இடித்தது. "ஏட்டய்யா, அவரு ஒண்ணும் பண்ணலய்யா. இளநீர்தான் வெட்டினு இருந்தாரு. போன தடவை மாதிரி எழுதி வாங்கிக்குங்கய்யா. பாய் இருக்காரு, இப்பவே கையெழுத்துப் போடுவாரு. பாய், சொல்லுங்க பாய்!"

"போடறேன்," என்றார் பாய். நோட்டீஸை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"இல்லன்னா என்னைக் கூட்டினு போங்க," என்றாள் அவள். "அவருக்குப் பதிலா நான் வரேன்."

ஏட்டு சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கோப்பிலிருந்து ஒரு காகிதத்தை உருவி, மேசையில் என் முன்னால் கவிழ்த்து வைத்தார்.

"ரைட்டரே, நீங்களே பாத்துச் சொல்லுங்க. போன தடவை வந்த வாரண்டுல இந்தப் பின்பக்கத்துல எழுதியிருந்தது. இன்ன தொகைக்குப் பத்திரம், இத்தனை ஜாமீன்தாரர், இந்தத் தேதிக்கு ஆஜராகணும், வாங்கிட்டு விடலாம்னு ஜட்ஜே எழுதியிருந்தாரு. அதனால விட்டேன். என் நல்ல மனசுன்னு நெனச்சீங்களா?"

பின்பக்கம் வெறுமையாக இருந்தது. வெள்ளைத்தாள். மேலே கோர்ட்டு முத்திரையின் மை ஊறி, ஒரு வட்டம் லேசாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

"இதுல எழுதல. எழுதாதப்போ நான் விட்டா எனக்கு வேல போயிரும். பிடிச்சா இருபத்திநாலு மணி நேரத்துக்குள்ள ஜட்ஜு முன்னால நிறுத்தியாவணும். ஜாமீன் குடுக்கறதா வேணாமான்னு அவருதான் சொல்லணும்." அவர் கீதாஞ்சலியைப் பார்த்துத் தலையசைத்தார். "மேடம் இருக்காங்க. அவங்களுக்குத் தெரியாததா?"

"நாங்களே ஆஜர் பண்ணி, வாரண்டை ரத்து பண்ணச் சொல்லி ரீகால் கேக்கறோம் ஏட்டு," என்றாள் கீதாஞ்சலி.

"பண்ணுங்க. எனக்கும் அலைச்சல் மிச்சம். ஆனா அதுவரைக்கும் எங்கையில காகிதம் இருக்கு. கண்ணுல பட்டாப் பிடிப்பேன். நாளைக்குக் காலையில உங்க வூட்டுக்கும் வருவேன்மா. வந்து பாத்துட்டுப் போவேன். உன்னை ஒண்ணும் பண்ண மாட்டேன்." கதவருகே நின்று, திரும்பாமலே சொன்னார். "மகசர் சாட்சிக்கு இம்மாம் பெரிய கதை. பத்து நிமிஷம் வந்து கூண்டுல நின்னு, ஆமா எங்கையெழுத்துதான்னா போயிட்டிருக்கலாம்."

நான்கு காப்பிகளும் எடுத்துக் கொடுத்தேன். ஒன்று கோணலாக விழுந்து, மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. அவர் போனதும் தேவிப்ரியா தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். முடியவில்லை என்று கை காட்டினாள்.

"பம்பாய் போயிட்டா?" என்று கேட்டாள், தலையைத் தூக்காமல்.

கீதாஞ்சலி அவள் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் அன்று முதல் தடவையாக உட்கார்ந்தாள். "வாரண்டு இந்தியா பூரா செல்லும்மா. அதுக்கு வயசும் ஆகாது. கோர்ட்டு ரத்து பண்ற வரைக்கும், இல்ல போலீஸ் பிடிச்சிக் கொண்டாந்து நிறுத்தற வரைக்கும் உயிரோட இருக்கும். ரெண்டு வருஷம் கழிச்சி உங்க பொண்ணு பள்ளிக்கூட விழாவுல பிடிச்சாலும் பிடிப்பாங்க. அதுக்கு நடுவுல, தலைமறைவா இருக்காருன்னு கோர்ட்டு நம்பினா வெளிப்படையா அறிவிப்பு ஒட்டி, சொத்தை ஜப்தி பண்ணவும் முடியும்."

"சொத்தா? ஒரு வண்டி."

"அந்த வண்டியைத்தான் சொல்றேன்."

"அவரு வந்தா உள்ள போட்டுருவாங்களா?"

நான் அவசரமாக, "போட மாட்டாங்கம்மா," என்றேன். கீதாஞ்சலி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

"எனக்குத் தெரியாது," என்றாள் அவள். "சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. அவர் குற்றவாளி இல்ல, சாட்சி. தானா வந்து, ஏன் வரலைன்னு உண்மையச் சொன்னா, பெரும்பாலும் வாரண்டை ரத்து பண்ணி, அபராதமோ பத்திரமோ வாங்கிட்டு, சாட்சி சொல்ல தேதி குடுப்பாங்க. ஆனா ஜட்ஜுக்குக் கோபம் இருந்தா ரிமாண்டு பண்ணி ஜெயிலுக்கும் அனுப்பலாம். சம்மன் குடுத்தும் வரல, பத்திரம் எழுதிக் குடுத்தும் வரல. போலீஸ் பிடிச்சிக்கொண்டு வந்து நிறுத்தறதுக்கும் தானா நடந்து வந்து நிக்கறதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு. அது ஒண்ணுதான் இப்ப உங்க கையில இருக்கு."

"வாசல்லயே ஏட்டு பிடிச்சிட்டா?"

"பிடிச்சாலும் அதே கோர்ட்டுக்குத்தான் கொண்டு போவாரு. நான் அங்கதான் நிப்பேன். எங்க இருக்காருன்னு எங்கிட்ட சொல்லாதீங்க, எனக்கு வேணாம். வியாழக்கிழமை காலையில ஒன்பதரைக்குக் கோர்ட்டு வாசலுக்கு வரட்டும். வக்காலத்துல கையெழுத்து வாங்கி மனுவைப் போட்டுடறேன். பாய், உங்க நோட்டீஸுக்கும் அன்னைக்கே பதில் போட்டுடலாம். அதையும் தூக்கி மூலையில போட்டுடாதீங்க."

"போட்டுட மாட்டேம்மா. அதைத் தலைமாட்டுல வச்சித்தான் படுக்கறேன்," என்றார் பாய்.

கீதாஞ்சலி கிளம்பிப் போன பிறகு மூன்று பேர்தான் இருந்தோம். சேதி எப்படிப் போகும் என்று தேவிப்ரியா சொன்னாள். கிருஷ்ணகிரிக்குப் போகிற தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டராக இருக்கிற விமல்ராஜ், வேடியப்பனோடு படித்தவன். அவன்தான் சோறும் சேதியும் கொண்டு போய்க் கொடுக்கிறான்.

"வாயால சொல்லி விட்டா பஸ் பூரா கேக்கும். அவரும் நம்ப மாட்டாரு. போலீஸு எங்கிட்ட சொல்லச் சொல்லிச்சின்னு நெனப்பாரு. நீங்க எழுதுங்கய்யா. உங்க எழுத்து அவருக்குத் தெரியும்."

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் பேனாவால் எழுத ஆரம்பித்தேன். முதலில் தேதி. பிறகு, 'அன்புள்ள வேடியப்பனுக்கு.' பிறகு நடந்ததை வரிசையாக எழுதினேன். முதலில் வந்தது சம்மன், அது கோர்ட்டின் அழைப்பு, போகாவிட்டால் சொல்லியனுப்ப வேண்டும். இரண்டாவது வந்தது ஜாமீனில் விடக்கூடிய வாரண்டு. நீ ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டது கேஸ் முடிந்ததற்கு அல்ல, மறுபடி வருவதற்கு. மூன்றாவதாக இப்போது இருப்பது ஜாமீனில் விட முடியாதது. ஏட்டால் விட முடியாது, ஜட்ஜு மட்டும்தான் முடிவு செய்ய முடியும். இவ்வளவும் எழுதிய பிறகு, 'முதல் காகிதத்தை நான் படித்துக் காட்டினபோது இதைச் சொல்லாமல் விட்டது என் பிழை' என்று எழுதினேன். அந்த வரியை எழுதும்போது பாய் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் கீழே 'உன்னை உள்ளே போட மாட்டார்கள், தைரியமாக வா' என்று ஒரு வரி சேர்த்தேன்.

"படிங்க," என்றாள் தேவிப்ரியா.

படித்தேன். அந்த வரிக்கு வந்ததும் கையை நீட்டினாள்.

"அதை அடிச்சிடுங்க."

"அது இல்லன்னா வருவானாம்மா?"

"தெரியலய்யா." அவள் உதடு கோணியது. அழுகிறாளா என்று பார்த்தேன், அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். "அதை நம்பி வந்து உள்ள போனா, நான்தான் அவர ஏமாத்திக் கூட்டினு வந்தேன்னு இருக்கும். வக்கீலம்மா என்ன சொன்னாங்களோ அதையே எழுதுங்க. ரிமாண்டு பண்ணலாம்னும் எழுதுங்க."

"ஏம்மா, அத எழுதினா லாரிய நிறுத்தாமயே ஏறிடுவான்," என்றார் பாய்.

"ஏறினா ஏறட்டும் பாய். ஏட்டு நாளைக்கு வூட்டுக்கு வருவேன்னாரு, நாளன்னைக்கும் வருவாரு. எத்தனை நாளைக்கு வண்டி சத்தம் கேட்டா நான் கதவுக்குப் பின்னால நிக்கறது?"

வரியை அடித்தேன். அடித்தது அசிங்கமாகத் தெரிந்ததால் புதுத் தாளில் முழுவதையும் மறுபடி எழுதினேன். ரிமாண்டு என்ற வார்த்தை வந்த இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு கோர்ட்டு, கிழமை, மணி, எந்த வாசல், வக்கீலின் பெயர். வழியில் யாராவது பிடித்தால் ஓடாதே, கையை ஓங்காதே, வாரண்டைக் காட்டச் சொல், எந்தக் கோர்ட்டு என்று கேள், வக்கீலுக்கும் வீட்டுக்கும் தகவல் சொல்லச் சொல் என்று கடைசியில் ஒரு பத்தி.

அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். ஐந்தாவது வரைதான் படித்தவள். எழுத்து ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றது.

'ஒன்பது மணிக்கே நான் வாசலில் நிற்பேன். பாப்பாவைக் கூட்டி வர மாட்டேன். நீ வரலைன்னாலும் நான் நிற்பேன். தேவி.'

தாளை மூன்றாக மடித்துக் கவருக்குள் போட்டேன். வாயை ஒட்டிய பிறகு அவள் கட்டைவிரலால் ஓரம் பூராவும் அழுத்திப் பார்த்தாள். ஓரிடத்தில் பசை பிடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தடவினேன். மேலே பெயர் எழுத வேண்டாம் என்றாள். எழுதவில்லை.

பாயின் ஸ்கூட்டியில் அவள் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். நான் ஷட்டரை இறக்கிவிட்டு ஷேர் ஆட்டோவில் போனேன். பஸ் ஸ்டாண்டில் போலீஸ் பூத் இருக்கிற பக்கத்தைவிட்டு மறுபக்கமாகச் சுற்றி வந்தோம். கிருஷ்ணகிரி பஸ் உறுமிக்கொண்டு நின்றிருந்தது. விமல்ராஜ் படியில் தொங்கியபடி ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் கூப்பிடுவதை நிறுத்தினான்.

"இன்னிக்கே குடுத்துடுவியாண்ணா?" என்றாள் அவள்.

"எட்டு மணிக்குள்ள அவன் கையில இருக்கும் அண்ணி." அவன் டிக்கெட் பையைத் திறந்தான். பிறகு ஏதோ நினைத்தவனாக அதை மூடிவிட்டு, கவரைச் சட்டைக்குள்ளே, பனியனுக்கும் வயிற்றுக்கும் நடுவில் செருகிக்கொண்டான். "படிச்சிட்டு என்ன பண்ணுவான்னு மட்டும் எங்கிட்ட கேக்காதீங்க."

விசில் ஊதினான். பஸ் செங்கம் ரோடு பக்கம் திரும்பும் வரை அவள் அதன் பின்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.